பிளஸ் டூ முடித்த மாணவர் தம் வேதியியல் ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை வேதியியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாணவர்கள் எழுதித் தந்த நன்றிக் கடிதங்களை ஒரு பழைய கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றுள் பலவற்றைப் படிக்கும்போது எழுதியவரின் முகம் நினைவுக்கு வருவதில்லை. சிலவற்றில் முதல் நான்கு வரியிலேயே அந்த ஆய்வகமும், அந்த மேசையும், அங்கே நின்ற பிள்ளையும் கண்முன் வந்துவிடுகிறார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை, சென்ற ஆண்டு எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு மாணவி தம் வேதியியல் ஆசிரியைக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டே விளக்குகிறேன். அவர் என்னிடம் கொண்டுவந்த முதல் வரைவையும், நான்கு நாள் கழித்து எழுதி முடித்த கடிதத்தையும் அவருடைய ஒப்புதலோடு இங்கே தருகிறேன்.

முதல் வரைவு இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். மாதா பிதா குரு தெய்வம் என்பார்கள். தாங்கள் எனக்கு ஏணியாக இருந்து ஏற்றிவிட்டீர்கள். மெழுகுவர்த்தி போல் உங்களையே உருக்கி எங்களுக்கு ஒளி தந்தீர்கள். தங்களால்தான் எனக்கு வேதியியல் பிடித்தது. தேர்வை நன்றாக எழுதியிருக்கிறேன், நல்ல மதிப்பெண் வரும் என நம்புகிறேன். தங்களுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லையும் மனதாரவே எழுதியிருந்தார். ஆனால் 'வேதியியல்' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு 'வரலாறு' என்று போட்டால் இதே கடிதத்தை வரலாற்று ஆசிரியருக்கும் கொடுத்துவிடலாம். அறிவியல் ஆசிரியருக்கு எழுதும் எவரும் முதலில் செய்து பார்க்க வேண்டிய சோதனை இதுதான். பாடத்தின் பெயரை மாற்றிய பிறகும் கடிதம் பொருந்தி நின்றால், அது இன்னும் அந்த ஆசிரியருக்கான கடிதமாக ஆகவில்லை.

எப்போது எழுதுவது

தமிழ்நாட்டில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு பிப்ரவரியை ஒட்டி நடக்கிறது. எழுத்துத் தேர்வு மார்ச் மாதத்தில் முடிகிறது. முடிவுகள் பெரும்பாலும் மே மாதம் வருகின்றன. கடைசித் தேர்வுக்கும் முடிவு வரும் நாளுக்கும் இடையில் கிடைக்கும் அந்தச் சில வாரங்களில்தான் கடிதத்தை எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முடிவு வந்த பிறகு எழுதினால், எவ்வளவு முயன்றாலும் கடிதத்தின் நடுவில் மதிப்பெண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மதிப்பெண் கூடியிருந்தால் நன்றி அதற்கான கைம்மாறு போல ஒலிக்கும். குறைந்திருந்தால் கடிதமே மன்னிப்புக் கடிதமாகிவிடும், அல்லது எழுதப்படாமலே போய்விடும். நன்றாகக் கற்றும் மதிப்பெண் குறைந்த மாணவர்கள் வெட்கப்பட்டு ஆசிரியரைப் பார்க்க வராமலே போனதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முடிவுக்கு முந்தைய தேதியிட்ட கடிதத்தில் நன்றி, கற்பித்ததற்கு மட்டுமே உரியதாக நிற்கிறது.

ஏப்ரலில் பல ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் பணிக்குச் சென்றிருப்பார்கள். ஆகவே கடிதத்தில் விடைத்தாளைப் பற்றியோ, திருத்தும் பணியைப் பற்றியோ ஒரு சொல்கூட இடம்பெறக் கூடாது. "தேர்வை நன்றாக எழுதியிருக்கிறேன்" என்ற வரியை அந்த மாணவியின் வரைவிலிருந்து நீக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதைப் பற்றி எழுதுவது என்று தேடுதல்

"இரண்டு ஆண்டுகளில் உங்கள் டீச்சர் உனக்கு என்ன செய்தார்?" என்று கேட்டால் எந்த மாணவரும் "நல்லா நடத்துவாங்க" என்றுதான் சொல்வார். நினைவை வெறுமனே துழாவினால் பொதுவான வாக்கியங்களே வரும். அதனால் அப்சர்வேஷன் நோட்டை எடுத்து வரச் சொன்னேன். ரெக்கார்டு நோட்டு இதற்குப் பயன்படாது. அதில் எல்லாம் திருத்தி, அழகாக எடுத்தெழுதப்பட்டிருக்கும். ஆய்வகத்தில் நின்றபடியே எழுதிய அப்சர்வேஷன் நோட்டில்தான் அடித்தல் இருக்கும், அமிலம் பட்டு மஞ்சளான மூலை இருக்கும், ஆசிரியரின் சிவப்பு மை இருக்கும். அந்த நோட்டு கையில் இல்லாதவர்கள் வகுப்புத் தேர்வு விடைத்தாள்களைப் புரட்டலாம். அதுவும் இல்லையென்றால் ஆய்வகத்தில் பக்கத்தில் நின்ற தோழரிடம் பேசலாம்.

நோட்டைப் புரட்டும்போது சிவப்பு மை இருக்கும் இடங்களில் நிதானமாக நிற்க வேண்டும். 'நன்று' என்று எழுதியிருக்கும் பக்கத்தைவிட, அடித்துத் திருத்தப்பட்ட பக்கமே கடிதத்துக்கு உதவும். ஆசிரியர் அன்று என்ன செய்தார் என்பது அங்கேதான் பதிந்திருக்கிறது.

பருமனறி பகுப்பாய்வுப் பக்கம் ஒன்றில் அந்த மாணவி நின்றார். அட்டவணையில் இரண்டாவது வரியில் 20.1 என்று எழுதி அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் 20.6 என்று எழுதியிருந்தது; பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சிறிய வட்டம். "இது என்ன?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு நான் பொய்யா எழுதினேன், ஐயா" என்றார்.

நடந்தது இதுதான். பெர்ரஸ் சல்பேட் கரைசலில் 20 மி.லி.யை பிப்பெட்டால் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, நீர்த்த சல்பியூரிக் அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை விட்டுத் தரம் பார்க்கும் சோதனை அது. முதல் முறை 20.1 மி.லி. வந்தது. இரண்டாம் முறை குழாயை மூடத் தாமதித்ததால் முடிவுநிலை தாண்டி 20.6 ஆகிவிட்டது. ஒத்த அளவீடு வேண்டும் என்பதற்காக அவர் நோட்டில் 20.1 என்றே எழுதிவிட்டார். அந்த வழியாக வந்த ஆசிரியை முதலில் நோட்டைப் பார்க்கவில்லை; குடுவையைப் பார்த்தார். வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய கரைசல் அடர்ந்து கிடந்தது. "குடுவையில நிறம் கூடியிருக்கே, நோட்டுல மட்டும் எப்படிம்மா கூடாம இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாராம். பிறகு 20.6 என்று எழுதச் சொல்லிவிட்டு, மணி அடித்த பிறகும் பக்கத்திலேயே நின்று மூன்றாம் முறை செய்ய வைத்திருக்கிறார்.

கடிதம் அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அவர் தயங்கினார். தன் தவற்றை நன்றிக் கடிதத்தில் எழுதலாமா என்பது அவருடைய கேள்வி. எழுதலாம், ஓர் எல்லையோடு. அந்தத் தவறு எழுதுபவருடையதாக மட்டும் இருக்க வேண்டும். உடன் படித்த இன்னொருவரைக் காட்டிக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. ஆசிரியர் சினந்து அடித்ததையோ, பின்னால் அவர் வருந்தக்கூடிய ஒரு சொல்லையோ நினைவூட்டுவதாகவும் இருக்கக் கூடாது.

அறிவியலைச் சரிபார்த்தல்

இந்த ஒரு படியை மட்டும் யாரும் தாண்டிச் செல்லாதீர்கள். அறிவியல் ஆசிரியர் எதைப் படித்தாலும் திருத்துகிற கண்ணோடுதான் படிப்பார். அது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. நெகிழ்ச்சியான வரிக்கு நடுவில் தவறான ஒரு வேதியியல் செய்தி வந்தால் மனம் அங்கேயே நின்றுவிடும்.

மாணவியின் இரண்டாம் வரைவில் "இளஞ்சிவப்பு நிறம் மறையும் முடிவுநிலையைத் தாண்டிவிட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. அது தலைகீழ். பெர்மாங்கனேட் பியூரெட்டில் இருக்கும்போது, குடுவையில் விழும் ஒவ்வொரு துளியின் நிறமும் பெர்ரஸ் அயனியோடு வினைபுரிந்து மறைந்துகொண்டே இருக்கும். பெர்ரஸ் அயனி முழுவதும் தீர்ந்த பிறகு விழும் துளிக்கு வினைபுரிய ஆள் இல்லை. அதன் நிறம் அப்படியே தங்கிவிடுகிறது. முதன்முதலாக மறையாமல் நிற்கும் அந்த வெளிறிய இளஞ்சிவப்பே முடிவுநிலை. பெர்மாங்கனேட்டே தன் நிறத்தால் முடிவைக் காட்டிவிடுவதால் இங்கே தனியாக நிறங்காட்டி எதுவும் சேர்ப்பதில்லை. தேர்வுக்குப் படித்ததெல்லாம் கலந்து கிடக்கும் நேரத்தில் பினாப்தலீனையும் மெத்தில் ஆரஞ்சையும் இந்த இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

இன்னொரு வரியில் "பியூரெட்டில் கீழ்ப்பிறையைப் பார்த்து அளவெடுக்கக் கற்றுத் தந்தீர்கள்" என்று எழுதியிருந்தார். நிறமற்ற கரைசல்களுக்கு அது சரி. பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலில் அடிவளைவு தெரியாது என்பதால் மேல்விளிம்பையே படிக்க வேண்டும். அந்த ஆசிரியை கற்றுத் தந்ததும் அதைத்தான் என்று நோட்டின் ஓரத்தில் மாணவியே குறித்து வைத்திருந்தார். நினைவைவிட நோட்டை நம்ப வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

உங்கள் கடிதத்தில் வரும் சோதனை எதுவானாலும் மூன்று விவரங்களைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: எந்தக் கரைசல் எந்தக் கலத்தில் இருந்தது, எந்த நிறம் எந்த நிறமாக மாறியது, எந்த வரிசையில் சேர்த்தீர்கள். பெரும்பாலான பிழைகள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். அதே சமயம் சமன்பாடுகளையும் கணக்கீடுகளையும் கடிதத்தில் நிரப்ப வேண்டாம். படித்ததை நிரூபிக்கும் இடம் தேர்வறையோடு முடிந்துவிட்டது.

விளி, மரியாதை, சொல்

இடத்தையும் தேதியையும் வலப்பக்க மேல் மூலையில் எழுதினால் போதும். அனுப்புநர், பெறுநர் என்று விரித்து எழுதுவது விடுப்பு விண்ணப்பத்தின் தோற்றத்தைத் தந்துவிடும். விளியில், நேரில் எப்படி அழைத்தீர்களோ அந்தச் சொல்லுக்கு அருகிலேயே இருங்கள். இரண்டு ஆண்டுகள் 'டீச்சர்' என்று கூப்பிட்டவர் கடிதத்தில் 'பேராசான்' என்று தொடங்கினால் இருவருக்குமே கூச்சமாக இருக்கும். 'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு' என்பது முறையாகவும் இருக்கிறது, உரியவரையும் சென்றடைகிறது. அம்மா, ஐயா, சார் என்று அழைத்தவர்களுக்கும் இதே முறைதான்.

'தாங்கள், தங்கள்' என்று தொடங்கினால் கடைசி வரை அப்படியே செல்ல வேண்டும். 'நீங்கள், உங்கள்' என்றால் அதையே தொடர வேண்டும். முதல் வரைவில் 'தாங்கள்' ஏற்றிவிடுகிறார், அடுத்த வரியில் 'உங்களையே' உருக்கிக் கொள்கிறார். இந்தத் தடுமாற்றம் மரியாதை எங்கோ கடன் வாங்கப்பட்டது போன்ற எண்ணத்தைத் தருகிறது. என் விருப்பம் 'நீங்கள்' என்பதே. வகுப்பறையில் பேசிய மொழி அதுதான். மரியாதையும் அதில் குறைவில்லை.

ஏணி, மெழுகுவர்த்தி, தோணி ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். ஏணி ஏறியவனுக்குப் பின் அங்கேயே கிடப்பது, மெழுகுவர்த்தி தீர்ந்துபோவது. அடுத்த ஜூனில் புதிய வகுப்பின் முன் உற்சாகமாக நிற்கப்போகும் ஒருவரை அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. 'நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறேன்' என்பது கூட்டத்தில் நன்றியுரை ஆற்றுபவரின் நடை. 'நன்றி, டீச்சர்' என்று நேராக எழுதலாம்; கடிதத்தில் அது ஒரே ஒரு முறை, நிகழ்வைச் சொன்ன பிறகு வந்தால் போதும்.

முதல் பத்தியிலேயே உங்களை அடையாளம் காட்டிவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்புகள் வருவதால், பெயர் மட்டும் எழுதினால் ஆசிரியர் திணறக்கூடும். ஆண்டு, பிரிவு, ஆய்வகத்தில் நின்ற இடம் ஆகியவை போதும். ஆய்வக இடம் மிகவும் உதவும். எங்களுக்குப் பல பிள்ளைகள் மேசையோடு சேர்ந்தே நினைவிருக்கிறார்கள். பரிந்துரை, நன்னடத்தைச் சான்று, கல்லூரி பற்றிய ஆலோசனை போன்ற வேண்டுகோள் எதையும் இதில் சேர்க்காமல் தனியே கேளுங்கள்.

எழுதி முடித்த கடிதம்

வலப்பக்க மேல் மூலையில் ஊர்ப்பெயரும் 02.04.2025 என்ற தேதியும் இட்டு, அந்த மாணவி எழுதி முடித்தது இது:

"மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 12-ஆம் வகுப்பு 'அ' பிரிவில் படித்தேன். வேதியியல் ஆய்வகத்தில் ஜன்னல் ஓர மேசையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சோதனை செய்வேன்.

பெர்ரஸ் சல்பேட்டைத் தரம் பார்த்த அன்று எனக்கு இரண்டாம் முறை 20.6 மி.லி. வந்தது. முதல் அளவோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக நோட்டில் 20.1 என்று எழுதினேன். நீங்கள் முதலில் என் நோட்டைப் பார்க்காமல் குடுவையைப் பார்த்தீர்கள். 'குடுவையில நிறம் கூடியிருக்கே, நோட்டுல மட்டும் எப்படிம்மா கூடாம இருக்கு?' என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டீர்கள். வகுப்பில் யாருக்கும் அது தெரியாது. உண்மையாக வந்த அளவை எழுத வைத்தீர்கள். அதன் பிறகு சாப்பாட்டு மணி அடித்தும் போகாமல், முடிவுநிலை நெருங்கும்போது குழாயை எப்படித் திருப்ப வேண்டும் என்றும், நுனியில் தொங்கும் அரைத் துளியைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுத்து வாலைவடிநீரால் கழுவி இறக்க வேண்டும் என்றும் காட்டினீர்கள். மூன்றாம் முறை 20.1 வந்தது. அந்த 20.1-ஐ எழுதியபோது என் கை நடுங்கியது, டீச்சர். முன்பு எழுதியதும் அதே எண்தான், ஆனால் இது நான் பார்த்தது.

அதற்குப் பிறகு எந்தச் சோதனையிலும் நான் பார்க்காததை எழுதவில்லை. செய்முறைத் தேர்வில் முதல் இரண்டு அளவுகளும் ஒத்து வரவில்லை. வந்ததை அப்படியே எழுதிவிட்டு மூன்றாம் முறை செய்தேன். பயமாக இல்லை.

அன்று என்னை எல்லார் முன்னாலும் கேட்காமல் இருந்ததற்கும், சாப்பிடப் போகாமல் நின்றதற்கும் நன்றி, டீச்சர். அப்போது சொல்லத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாணவி"

கையொப்பத்துக்குக் கீழே பெயரையும் தேர்வெழுதிய ஆண்டையும் அவர் தெளிவாக எழுதியிருந்தார். ஒரே தாளின் ஒரு பக்கத்தில் கடிதம் அடங்கிவிட்டது. அந்த அளவே போதும் என்று நினைக்கிறேன். 'அந்த 20.1-ஐ எழுதியபோது' என்று தொடங்கும் வாக்கியத்தையும் அதற்கு அடுத்ததையும் நான் சொல்லித் தரவில்லை. என் நாற்பது வயதிலும் எனக்கு அப்படி எழுத வந்திருக்காது. நிகழ்வை வரிசையாக எழுதிக்கொண்டே போனால் இப்படி ஒன்று தானாக வரும். அது வரும் முன்பே உவமை தேடிப் போவதால்தான் பல கடிதங்கள் பாதியில் வறண்டுவிடுகின்றன.

தாள், மை, கொடுக்கும் முறை

கோடிட்ட வெள்ளைத் தாளும் நீல மைப் பேனாவும் போதும். முதலில் வேறு தாளில் எழுதி, ஓர் இரவு விட்டு, மறுநாள் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகு எடுத்தெழுதுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது எங்கே கூச்சம் வருகிறதோ அங்கே பொதுச் சொல் ஒன்று ஒளிந்திருக்கும். எடுத்தெழுதும்போது ஒரு சொல் பிழையானால் ஒரே கோட்டால் அடித்துவிட்டுத் தொடரலாம். அப்சர்வேஷன் நோட்டிலும் அப்படித்தானே அடிக்கச் சொல்லியிருப்பார்கள்.

பள்ளி முகவரிக்கு அஞ்சலில் அனுப்பினால் கோடை விடுமுறையில் கடிதம் அலுவலகத்திலேயே கிடந்துவிடலாம். மதிப்பெண் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ வாங்கப் போகும் நாளில் ஆசிரியர் கையிலேயே கொடுப்பது நல்லது. அப்போது முடிவு வந்திருக்கும். ஆயினும் கடிதத்தில் உள்ள தேதி அதற்கு முந்தையது. மதிப்பெண் வந்த பிறகு எந்தக் காரணத்துக்காகவும் அந்தத் தாளில் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். உறையை ஒட்டி, மேலே ஆசிரியரின் பெயரை எழுதி, அவர் தனியாக இருக்கும்போது கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். எதிரிலேயே நின்று படிக்க வைக்க வேண்டாம். கூடவே பேனாவோ இனிப்போ கொடுக்க விரும்பினால் இன்னொரு நாள் கொடுக்கலாம். ஆசிரியர் மாறுதலாகிப் போயிருந்தால், புதிய பள்ளியின் பெயரைத் தலைமையாசிரியர் அறையில் கேட்டு, ஜூனில் பள்ளி திறந்த பிறகு அங்கே அஞ்சலில் அனுப்புங்கள்.

எங்கள் தெரு மாணவி சான்றிதழ் வாங்கப் போன அன்று ஆசிரியை ஆய்வகத்தில் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்துக் கொண்டிருந்தாராம். உறையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மாலையில் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. ஆசிரியை முதலில் கேட்டது, "தொட்டி ஓரமா நிப்பியே, அந்தப் பொண்ணா?" என்பதுதான்.